சி.டி.யை விட்டால் எத்தனை வட்டி?

மொத்த வியாபாரத்தில் பெரும்பாலான சரக்கு கையில் காசு வாங்காமலேதான் கைமாறுகிறது. நூல் மில் பின்னலாடைக்காரருக்கும், மருந்து ஸ்டாக்கிஸ்ட் கடைக்காரருக்கும் பில்லோடு சரக்கை அனுப்பிவிட்டு, பணத்துக்கு முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் என்று கெடு கொடுப்பார்கள். அந்தப் பில்லின் அடியில் பெரும்பாலும் இன்னொரு வரியும் இருக்கும். குறிப்பிட்ட நாளுக்குள் பணம் வந்தால் இத்தனை சதவீதம் தள்ளுபடி என்பது அது. நம் ஊர் வியாபாரிகள் இதைச் சி.டி. என்கிறார்கள், கேஷ் டிஸ்கவுண்ட் என்பதன் சுருக்கம். அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் இதே நிபந்தனை '2/10, நெட் 30' என்று வரும். பத்து நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் கழித்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் முப்பதாம் நாளுக்குள் முழுத் தொகையைக் கட்ட வேண்டும் என்று அதற்குப் பொருள்.

இரண்டு சதவீதம் என்று கேட்டவுடன் அற்பமாகத் தோன்றும். வங்கிக் கடனுக்கு 11 சதவீதம் வட்டி கட்டுகிறவர், இந்த இரண்டு சதவீதத்துக்காக எதற்கு அவசரப்பட வேண்டும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் வங்கியின் 11 சதவீதம் ஓர் ஆண்டுக்கான கணக்கு. பில்லில் உள்ள 2 சதவீதம் சில நாட்களுக்கான கணக்கு. வெவ்வேறு கால அளவுள்ள இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் முதல் தவறு.

ஒரு லட்ச ரூபாய் பில்லை எடுத்துக்கொள்வோம். நிபந்தனை மேலே சொன்ன '2/10, நெட் 30'. பத்தாம் நாள் கட்டினால் 98,000 ரூபாய் போதும். அன்று கட்டாமல் விட்டால், முப்பதாம் நாள் 1,00,000 ரூபாய் கட்ட வேண்டும். பத்தாம் நாள் காலை வாங்கியவர் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: கையில் உள்ள 98,000 ரூபாயை இன்றே கொடுத்துவிடுவதா, இருபது நாள் வைத்திருந்து 1,00,000 ரூபாயாகக் கொடுப்பதா? வைத்திருந்தால் விற்றவரிடம் 98,000 ரூபாயை இருபது நாளுக்குக் கடன் வாங்கி, 2,000 ரூபாய் வட்டி கட்டியதாகத்தான் அர்த்தம். கடன் பத்திரமும் இல்லை, வட்டி என்ற சொல்லும் இல்லை. ஆனாலும் அது கடன்தான்.

இதில் இரண்டு இடங்களில் கணக்கு வழுக்கும். ஒன்று நாள். கெடு முப்பது நாள் என்பதால் கடனும் முப்பது நாள் என்று எண்ணத் தோன்றும். முதல் பத்து நாள் யாருக்கும் இலவசம். தள்ளுபடி எடுப்பவரும் அந்தப் பத்து நாளை அனுபவித்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறார். தள்ளுபடியை விட்டதால் கூடுதலாகக் கிடைத்தது பத்தாம் நாளிலிருந்து முப்பதாம் நாள் வரை உள்ள இருபது நாள் மட்டுமே. அந்த இருபது நாளுக்குத்தான் 2,000 ரூபாய். முப்பதால் வகுப்பவர் தன் கடனை மூன்றில் ஒரு பங்கு மலிவாகக் காட்டிக்கொள்கிறார்.

இன்னொன்று முதல். இரண்டாயிரத்தை ஒரு லட்சத்தால் வகுப்பதா, தொண்ணூற்றெட்டாயிரத்தால் வகுப்பதா? ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர்களிடம் வாங்கிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. 10,000 ரூபாய் கடன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, ஆயிரத்தை முன்கூட்டியே வட்டியாகப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் கொடுப்பவர் வாங்குவது பத்து சதவீதம் அல்ல. கைக்கு வந்தது ஒன்பதாயிரம், அதற்கு வட்டி ஆயிரம், கணக்கு 11.1 சதவீதம். தள்ளுபடியும் முன்வட்டி பிடித்த கடன்தான். உண்மையில் கையில் தங்கியது 98,000 ரூபாய். எனவே 2-ஐ 98-ஆல் வகுக்க வேண்டும், வருவது 2.04 சதவீதம். வித்தியாசம் துளிதான். ஆனால் தள்ளுபடி ஐந்து, ஆறு சதவீதமாகும்போது துளி பெருகும்.

இருபது நாளுக்கு 2.04 என்றால் முப்பது நாளுக்கு 3.06. தமிழ்நாட்டு வியாபாரி பேசும் மொழியில், நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், மூணு வட்டி. இந்த ஒரு மொழிபெயர்ப்பு போதும், பில்லில் இருந்த இரண்டு சதவீதத்தின் முகம் மாறிவிடும். வெளியில் மூணு வட்டிக்குக் கடன் வாங்கக் கூசுகிற மனிதர், பில்லில் அதே வட்டியை மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பார்.

ஆண்டுக் கணக்கு வேண்டுமானால், ஓர் ஆண்டில் எத்தனை இருபது நாட்கள் என்று பார்க்க வேண்டும். 365-ஐ 20-ஆல் வகுத்தால் 18.25. அதை 2.04 சதவீதத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 37.2 சதவீதம். இதுவே தள்ளுபடியை விடுவதன் ஆண்டுச் செலவு, தனிவட்டிக் கணக்கில். தள்ளுபடி தவறும் ஒவ்வொரு முறையும் அந்த வட்டியும் அடுத்த கடனில் சேர்ந்துகொண்டே போகிறது என்று வைத்துக் கூட்டுவட்டியாகப் பார்த்தால் 44.6 சதவீதம் வரும். கம்ப்யூட்டரில் எக்ஸெல் வைத்திருப்பவர்கள் தள்ளுபடி சதவீதத்தை முதல் கட்டத்திலும், தள்ளுபடி நாளை இரண்டாவதிலும், முழுக் கெடுவை மூன்றாவதிலும் எழுதிவிட்டு இந்த இரண்டு வரிகளைப் போட்டால் இரண்டு விடைகளும் வந்துவிடும். முதல் வரி தனிவட்டி, அடுத்தது கூட்டுவட்டி.

```
=A2/(100-A2)*365/(C2-B2)
=(1+A2/(100-A2))^(365/(C2-B2))-1
```

இரண்டில் எதை நம்புவது என்ற கேள்வி புத்தகங்களில் வருகிற அளவுக்கு நடைமுறையில் வருவதில்லை. எப்போதோ ஒரு பில்லில் தள்ளுபடி தவறியது என்றால் தனிவட்டி போதும். ஆண்டு முழுவதும் ஒவ்வொரு பில்லிலும் விடுகிற பழக்கம் இருந்தால் கூட்டுவட்டி எண் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே வகை வட்டியாக இருக்க வேண்டும். மாதாமாதம் வட்டி சேர்க்கும் வங்கியின் 11 சதவீதம், கூட்டுவட்டியில் 11.6 ஆகும். 44.6-ஐ இதனோடு ஒப்பிடலாம், 37.2-ஐ அந்த 11-ஓடு ஒப்பிடலாம். குறுக்காக ஒப்பிட்டால் வித்தியாசம் ஊதிப்போகும்.

தள்ளுபடியின் அளவு பெரிதா சிறிதா என்பதை விட நாட்களின் இடைவெளிதான் விடையைத் தீர்மானிக்கிறது. பத்து நாளில் 1 சதவீதம், கெடு முப்பது நாள் என்றால் ஆண்டுக்கு 18.4 சதவீதம். ஏழு நாளில் 3 சதவீதம், கெடு தொண்ணூறு நாள் என்றால் 13.6 சதவீதம்தான். மூன்று சதவீதத் தள்ளுபடி ஒரு சதவீதத் தள்ளுபடியை விட விட்டுக்கொடுக்க மலிவாக இருக்கிறது. காரணம், அங்கே 83 நாள் கடன் கிடைக்கிறது. இங்கே 20 நாள்.

பாடக் கணக்கு இத்தோடு முடிந்துவிடும். உண்மைப் பில்லில் ஜி.எஸ்.டி. இருக்கும், சரக்கு வந்து சேரும் நாள் வேறாக இருக்கும், பணம் எங்கிருந்து வருவது என்ற பிரச்சினையும் இருக்கும். திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை யூனிட் மில்லிலிருந்து மாதம் ஒரு முறை 2,000 கிலோ பருத்தி நூல் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கிலோ 250 ரூபாய் என்றால் சரக்கின் மதிப்பு 5,00,000 ரூபாய். பருத்தி நூலுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 25,000 ரூபாய், ஆகப் பில் தொகை 5,25,000. நிபந்தனை, ஏழு நாளில் 2 சதவீதச் சி.டி., கெடு நாற்பத்தைந்து நாள். பில் தேதி ஜூன் 3.

சி.டி.யை மில்கள் பெரும்பாலும் வரிக்கு முந்தைய மதிப்பில்தான் கணக்கிடும். 5,00,000-க்கு 2 சதவீதம், 10,000 ரூபாய். வரியைத் தொடாமல் வெறும் கணக்குக்காக ஒரு கிரெடிட் நோட் போட்டுவிட்டால் வரி 25,000 அப்படியே நிற்கும். வரியையும் குறைத்துக் கிரெடிட் நோட் போட்டால் வாங்கியவர் எடுத்த உள்ளீட்டு வரியையும் அந்த அளவுக்குத் திருப்ப வேண்டும், ஆகவே கடைசியில் லாப நட்டம் மாறாது. முதல் வழியையே எடுத்துக்கொள்வோம். ஜூன் 10-க்குள் கட்டினால் 5,15,000 ரூபாய். ஜூலை 18-ஆம் தேதி கட்டினால் 5,25,000 ரூபாய். இடையில் 38 நாள்.

இங்கே ஒரு நுணுக்கம். சூத்திரத்தில் 2-ஐ 98-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 19.6 சதவீதம் என்று வரும். ஆனால் சி.டி.யை விட்டவர் கையில் தங்குவது சரக்கின் பணம் மட்டும் அல்ல, வரிப் பணமும் சேர்ந்துதான்: 4,90,000 அல்ல, 5,15,000. எனவே 10,000-ஐ 5,15,000-ஆல் வகுக்க வேண்டும். 1.94 சதவீதம். ஓர் ஆண்டில் 9.6 முறை 38 நாள் வருவதால் 18.65 சதவீதம். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதை விட, இன்று எவ்வளவு கட்ட வேண்டும், கெடு நாளில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று இரண்டு தொகைகளை எழுதி வித்தியாசத்தைச் சின்னத் தொகையால் வகுப்பது பாதுகாப்பானது. வரி, வண்டி வாடகை, இன்ஷூரன்ஸ் என்று பில்லில் எது இருந்தாலும் அந்த வழி தவறாது. மாத வட்டியாகச் சொன்னால் இந்தப் பில் ஒன்றரை வட்டி.

யூனிட்டுக்கு வங்கியில் 11 சதவீதத்தில் ஓ.டி. வசதி இருக்கிறது என்று கொள்வோம். ஜூன் 10-ஆம் தேதி ஓ.டி.யிலிருந்து 5,15,000 எடுத்து மில்லுக்குக் கட்டி, ஜூலை 18-ல் ஓ.டி.யை அடைத்தால் 38 நாளுக்கு வட்டி சுமார் 5,898 ரூபாய். மிச்சம் 4,102 ரூபாய். ஒரே பில்லுக்கு அவ்வளவுதான். அதே யூனிட் ஓ.டி. இல்லாமல், வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்கிக் கட்டினால் வட்டி 12,868 ரூபாய் ஆகும். 10,000 மிச்சம் பிடிக்க 12,868 செலவு. அவர் சி.டி.யை விடுவதே சரி. ஒன்றரை வட்டிக்குக் கீழே பணம் கிடைத்தால் எடு, மேலே போனால் விடு என்பதே இந்தப் பில்லுக்கான விடை. சி.டி.யை விடுகிறவரெல்லாம் கணக்குத் தெரியாதவர் என்று பேசுவது நியாயமில்லை. பலருக்குக் கணக்கு தெரியும், பணம்தான் இல்லை.

ஆண்டுக்குக் கணக்கிட்டால் படம் இன்னும் தெளிவாகும். பன்னிரண்டு பில், ஒவ்வொன்றிலும் 10,000. ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் சி.டி. போகிறது. அதற்கு ஈடாகக் கிடைத்த கடன் எவ்வளவு? 5,15,000 ரூபாய் 38 நாள் வீதம் பன்னிரண்டு முறை. ஆண்டு முழுவதும் பரப்பினால் சராசரியாக 6,43,000 ரூபாய் சொச்சம். 1,20,000-ஐ அதனால் வகுத்தால் மீண்டும் அதே 18.65 சதவீதம். ஓ.டி.யில் அந்தச் சராசரித் தொகைக்கு ஆண்டு வட்டி சுமார் 70,800 ரூபாய். மிச்சம் 49,200 ரூபாய். சூத்திரம் சரியா என்று சந்தேகம் வந்தால், ஆண்டின் மொத்தச் சி.டி. இழப்பைச் சராசரிக் கடனால் வகுத்துப் பார்ப்பது நல்ல சோதனை.

ஆனால் 6,43,000 ரூபாய் ஓ.டி. இருந்தால் போதும் என்று கிளம்பினால் இரண்டாவது மாதமே முட்டும். ஜூன் பில்லுக்கு எடுத்த ஓ.டி. ஜூலை 18 வரை நிற்கிறது. ஜூலை 3-ஆம் தேதி பில்லுக்கு ஜூலை 10-ஆம் தேதி இன்னொரு 5,15,000 எடுக்க வேண்டும். எட்டு நாள் இரண்டும் ஒன்றாக நிற்கும், 10,30,000 ரூபாய். ஓ.டி. லிமிட் அந்த உச்சத்துக்கு இருக்க வேண்டும். சராசரியைப் பார்த்து லிமிட் வாங்கியவர்கள் இரண்டாம் மாதச் சி.டி.யைத் தவறவிட்டுவிட்டு, இதெல்லாம் பேப்பரில்தான் சரிப்படும் என்று பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுவது உண்டு. பழைய பாக்கிகளின் கெடு முடிவதற்குள் புதிய பில்லைச் சி.டி.யில் கட்டத் தொடங்கும் முதல் இரண்டு மாதத்தில்தான் பணம் இறுகும். அதைத் தாண்டினால் ஓட்டம் சீராகிவிடும்.

இதுவரை கெடு நாளில்தான் பணம் கட்டப்படுகிறது என்று எடுத்துக்கொண்டோம். நடைமுறையில் பலர் இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளில் கட்டுவார்கள். அதுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த பழக்கம். மேலே சொன்ன பில்லை ஏழாம் நாள் விட்டுவிட்டு எட்டாம் நாள் கட்டினால், ஒரு நாள் கடனுக்கு 10,000 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 709 சதவீதம். இருபதாம் நாள் கட்டினால் 54.5 சதவீதம். முப்பதாம் நாள் கட்டினால் 30.8. நாற்பத்தைந்தாம் நாள்தான் 18.65. சி.டி. நாள் தவறிவிட்டால், பணம் கையில் இருந்தாலும் கெடுவின் கடைசி நாள் வரை வைத்திருப்பதே கணக்குக்குச் சரி. அதேபோல் சி.டி. எடுப்பவர் மூன்றாம் நாளே கட்டி நல்ல பெயர் வாங்குவதில் காசு லாபம் ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் வரை அந்தப் பணம் அவருடையது.

இந்த வரிசையைப் பார்க்கும் யாருக்கும் அடுத்த யோசனை தானாக வரும். கெடு தாண்டியும் இழுத்தால்? அறுபதாம் நாள் கட்டினால் 13.4 சதவீதம். எழுபத்தைந்தாம் நாள் 10.4, ஓ.டி.யை விட மலிவு. பில் பணத்தை இழுத்தடிப்பவர்கள் மனக்கணக்காகச் செய்வது இதைத்தான். ஆனால் நூல் மில் பில்களிலும் வேறு மொத்தப் பில்களிலும் கெடு தாண்டினால் ஆண்டுக்கு 18 அல்லது 24 சதவீத வட்டி என்று அச்சடித்திருப்பது வழக்கம். அந்த 18 சதவீதத்தை மில் நிஜமாகவே வசூலித்தால், அறுபதாம் நாள் கட்டுபவர் 5,25,000-க்குப் பதினைந்து நாள் வட்டியாக 3,884 ரூபாய் கூடுதலாகக் கட்டுவார். எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுச் செலவு 18.6 சதவீதம், இறங்கவேயில்லை. வசூலிக்காத மில் அடுத்த பில்லில் விலையை ஏற்றியோ, சரக்குத் தட்டுப்பாடான மாதத்தில் வேறொருவருக்கு முதலில் அனுப்பியோ ஈடுகட்டிக்கொள்ளும். அதை எந்தச் சூத்திரமும் பிடிக்காது.

விற்பவர் நுண் அல்லது சிறு தொழில் நிறுவனமாகப் பதிவு பெற்றவராக இருந்தால் சட்டமும் குறுக்கே வரும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கெடு இருக்க முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டுவட்டியாகக் கட்ட வேண்டும். அந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவைச் சேர்த்தது. அதன்படி இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, பணம் கட்டிய ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். மார்ச் மாதத்தில் இழுத்து வைத்த நூல் பில் அந்த ஆண்டு லாபமாகத் தோன்றி, அதற்கு வரியும் கட்ட நேரலாம். எழுபத்தைந்தாம் நாளின் மலிவு அப்படிப்பட்ட விற்பவரிடம் நிற்காது.

நாளை எண்ணுவதில்தான் சண்டைகள் அதிகம். ஏழு நாள் பில் தேதியிலிருந்தா, சரக்கு வந்து இறங்கிய தேதியிலிருந்தா? லாரி மூன்று நாள் தாமதமானால் சி.டி.க்கு மிஞ்சுவது நாலு நாள்தான். பணம் அனுப்பிய நாளா, விற்றவர் கணக்கில் ஏறிய நாளா? செக் என்றால் கொடுத்த நாளா, பாஸான நாளா? ஞாயிற்றுக்கிழமை வந்தால் மறுநாள் வரை தள்ளுமா? 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட்டும் 2020 டிசம்பரிலிருந்து ஆர்.டி.ஜி.எஸ்ஸும் வாரம் ஏழு நாளும் இருபத்துநாலு மணி நேரமும் நடப்பதால், விடுமுறை என்ற சாக்கு இப்போது செக்குக்கு மட்டும்தான் செல்லுபடியாகும். இவற்றை ஆர்டர் கொடுக்கும்போதே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளாதவர்கள், ஒன்பதாம் நாள் கட்டிவிட்டுச் சி.டி.யையும் பிடித்துக்கொள்வார்கள். விற்றவர் கணக்கில் அது 10,000 ரூபாய் பாக்கியாகவே நிற்கும். வருடக் கடைசியில் இரண்டு பேருடைய லெட்ஜரும் ஒத்துப்போகாததற்கு இப்படிப் பிடித்த தள்ளுபடிகளே பாதிக் காரணமாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி இருக்கிறது. பில்லில் உள்ள முழு விலை உண்மையான விலையா? சில மில்கள் சி.டி. கொடுப்பதற்காகவே விலையில் இரண்டு சதவீதம் ஏற்றி வைத்திருக்கும். மேலே சொன்ன நூலைச் சி.டி. போக 245 ரூபாய்க்கு வாங்கலாம், கெடுவுக்கு 250. அதே தரமுள்ள நூலை வேறொரு மில் சி.டி.யே இல்லாமல் 247 ரூபாய்க்கு நாற்பத்தைந்து நாள் கெடுவில் தருகிறது என்றால், கடனின் விலை ஐந்து ரூபாய் அல்ல, இரண்டு ரூபாய்தான். வரியை ஒதுக்கிவைத்து 2-ஐ 245-ஆல் வகுத்தால் 38 நாளுக்கு 0.82 சதவீதம்; ஆண்டுக்கு 7.8. ஓ.டி.யை விட மலிவு. அந்தச் சந்தையில் ஓ.டி. எடுத்துச் சி.டி.யில் கட்டுபவர்தான் நட்டப்படுகிறார். ஆகவே ஒப்பிட வேண்டியது ஒரே பில்லில் உள்ள இரண்டு தொகைகளை அல்ல. ரொக்கத்துக்குக் கிடைக்கும் மிகக் குறைந்த விலையையும் கெடுவுக்குக் கிடைக்கும் மிகக் குறைந்த விலையையும்தான். இதைக் கண்டுபிடிக்க இரண்டு மில்லுக்கோ ஏஜெண்டுக்கோ போன் போட்டால் போதும்.

விற்பவர் பக்கம் நின்று பார்த்தால் இதே கணக்குத் தலைகீழாகும். 10,000 ரூபாயை விட்டுக்கொடுத்து 38 நாள் முன்னதாகப் பணம் வாங்கும் மில், 18.65 சதவீத வட்டிக்குப் பணம் திரட்டுகிறது. வங்கியில் பத்துக்கும் பதினொன்றுக்கும் கடன் கிடைக்கும் மில் ஏன் இதைச் செய்ய வேண்டும்? கடன் வசூலுக்கு ஆள் அலைய வேண்டாம், வராக்கடன் குறையும் என்பது ஒரு காரணம். மற்றொன்று யாரும் வெளியில் சொல்லாதது. பத்துக்கும் பதினொன்றுக்கும் வங்கிக் கடன் கிடைக்கும் வாடிக்கையாளர் ஒன்றரை வட்டியை விட்டுவைக்க மாட்டார். எப்படியாவது ஏழாம் நாள் கட்டிவிடுவார். தொடர்ந்து சி.டி. எடுத்துக்கொண்டிருந்த பார்ட்டி ஒரு மாதம் திடீரென்று எடுக்காமல் விட்டால், அவருக்கு வங்கியில் லிமிட் முடிந்துவிட்டது அல்லது வேறெங்கோ பணம் மாட்டிக்கொண்டது என்று மில்லின் கணக்குப்பிள்ளை முதலில் தெரிந்துகொள்வார். அடுத்த ஆர்டரை அனுப்புவதற்கு முன் பழைய பாக்கியைக் கேட்டு ஒரு போன் வருவது அதற்குப் பிறகுதான்.